வீட்டுக்கடனோடு ஒட்டி வந்த இரண்டு பாலிசி: இன்னும் 11 நாள்தான், ரத்து செய்யலாமா?

பவானிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வயது 36, ஈரோட்டில் தனியார் வேலை. ஒரு வங்கியில் வீட்டுக்கடன் 40 லட்சம் கேட்டேன், 20 வருடம், 8.5 சதவீதம். பத்திரப்பதிவுக்கு முந்தைய நாள் கிளையில் ஒரு கட்டுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நாற்பது இடத்திலாவது போட்டிருப்பேன். "லோனுக்கு ஒரு பாதுகாப்பு, எல்லாருக்கும் போடுறதுதான் சார்" என்றார் அங்கிருந்த பையன்.

இப்போது கணக்கைப் பார்த்தால் கடன் 41.6 லட்சம் என்று இருக்கிறது. மாதத் தவணை 36,101. நான் 34,700 வரும் என்று நினைத்திருந்தேன். கிளையில் கேட்டதற்கு, 1.6 லட்சம் இன்ஷூரன்ஸ், ஒரே தவணையில் கட்டியாகிவிட்டது என்கிறார்கள். மெயிலில் தேடினால் இரண்டு சான்றிதழ். ஒன்று உயிர்க் காப்பீடு, 1,12,000 ரூபாய். இன்னொன்று வேறு கம்பெனி, விபத்து, தீவிர நோய், வேலை போனால் மூன்று தவணை என்று ஒரு கலவை, 48,000 ரூபாய். இரண்டும் வந்து 19 நாள் ஆகிறது.

ரத்து செய்தால் கடனையே திரும்பக் கேட்பார்களா? இனிமேல் எடுப்பதென்றால் ஏஜெண்டிடமா, புரோக்கரா, வெப்சைட்டா?

கொங்குத்தமிழன்

கட்டாயம்தான் நண்பரே. வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. எனக்கும் போட்டார்கள், தீ, வெள்ளம் எல்லாம் சேர்த்து 20 வருடத்துக்கு ஆறாயிரம் சொச்சம்தான் ஆனது. உங்களுக்கு 1.6 லட்சம் என்றால் வீடு பெரிய வீடாக இருக்கும்.

பவானிக்கரை

அண்ணா, இது வீட்டுக்கு இல்லை. என் உயிருக்கு. கட்டடத்துக்குத் தனியாக இன்னும் கேட்கிறார்கள்!

முன்னாள்கிளை

முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி எட்டு வருடம் கிளை மேலாளர். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று தெரியும். நானும் விற்றிருக்கிறேன், மறைக்கவில்லை.

முதலில் கட்டாயம் என்ற பேச்சு. அடமானமாக உள்ள கட்டடத்துக்குக் காப்பீடு வேண்டும் என்று கடன் ஒப்பந்தத்தில் வங்கி நிபந்தனை போடலாம். அதைக்கூட அவர்கள் காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. கடன் வாங்குபவரின் உயிருக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லவில்லை, காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் சொல்லவில்லை. காப்பீடு விற்கும் வங்கி, வேறொரு சேவையைக் காட்டி அதை வாங்க வைக்கக் கூடாது என்பதுதான் விதி. பணம் கைமாறியபின் பாலிசியை ரத்து செய்தால் கடன் போகாது. ஒன்று மட்டும் பாருங்கள்: சில அனுமதிக் கடிதங்களில் "காப்பீடு எடுத்ததால் வட்டியில் இவ்வளவு சலுகை" என்று ஒரு வரி இருக்கும். இருந்தால், ரத்து செய்ததும் அந்தச் சலுகை போகும்.

அடுத்து, கடன் கொடுக்கும் முன் உங்களிடம் முக்கியத் தகவல் அறிக்கை என்று ஒரு தாள் தந்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் அது உண்டு. அதில் வட்டி விகிதம் ஒரு வரியிலும், ஆண்டுச் செலவு விகிதம் இன்னொரு வரியிலும் இருக்கும். இரண்டாவதில் இன்ஷூரன்ஸ் போன்ற மூன்றாம் நபர் கட்டணமும் சேர வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பவானிக்கரை

பார்த்தேன் சார். வட்டி 8.50. ஆண்டுச் செலவு விகிதம் 8.57 என்று இருக்கிறது. கட்டண வரிசையில் பிராசசிங் கட்டணமும் வக்கீல் கட்டணமும் மட்டும்தான். இன்ஷூரன்ஸ் என்ற வரியில் கோடு போட்டிருக்கிறார்கள்.

முன்னாள்கிளை

அப்படியானால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் உங்கள் துருப்புச் சீட்டு. கையில் வந்தது 40 லட்சம், கட்டுவது 36,101 என்று கணக்குப் போட்டால், மற்ற கட்டணம் எதையும் சேர்க்காமலே விகிதம் 9.04 பக்கம் வரும். 8.57 என்று எழுதியிருப்பதே அந்த 1.6 லட்சம் கணக்கில் வரவில்லை என்பதற்குச் சாட்சி. அறிக்கையில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. நாற்பது கையெழுத்தில் ஒன்று அந்தச் சம்மதம்தான் என்பார்கள். அது பிறகு வரும் சண்டை.

இன்னொரு கணக்கு. 1.6 லட்சம் கடனில் ஏறியதால் தவணை சுமார் 1,388 ரூபாய் கூடியிருக்கிறது. 240 மாதம் முழுக்கக் கட்டினால் 3.33 லட்சம். விற்கும்போது "உங்க கையிலிருந்து ஒரு பைசா வேண்டாம் சார்" என்பதுதான் பேச்சே. நானும் அதே வாக்கியத்தைத்தான் சொல்வேன், மாதக் கடைசியில் இன்னும் இனிமையாகச் சொல்வேன்.

சான்றிதழில் காப்பீட்டுக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். கடன் காலம் இல்லை, காப்பீட்டுக் காலம்.

பவானிக்கரை

உயிர்க் காப்பீடு 10 வருடம். கலவை 5 வருடம். நான் 20 வருடம் என்றே நினைத்திருந்தேன்.

முன்னாள்கிளை

பத்தாவது வருட முடிவில் உங்களுக்கு இன்னும் 29 லட்சத்துக்கு மேல் கடன் பாக்கி இருக்கும். அன்றைக்கு வயது 46. அப்போது காப்பீடு முடிந்துவிடும், ஆனால் அதற்கான பிரீமியத்தை அடுத்த பத்து வருடமும் தவணையில் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சுந்தரி_மதுரை

நான் 19 வருடமாக ஏஜெண்டாக இருக்கிறேன். இந்த மாதிரிக் கதையை வாரம் ஒன்று கேட்கிறேன் தம்பி. வங்கியில் இன்றைக்கு விற்றவர் ஆறு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிவிடுவார், நாளைக்கு உங்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் கேட்க ஆள் கிடையாது. ஏஜெண்ட் என்றால் வீட்டு வாசலுக்கு வருவோம். போன மாதம்கூட ஒரு அம்மாவுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்குவதிலிருந்து நான்தான் அலைந்தேன்.

ஆனால் உங்களுக்கு 15 நாள் தாண்டிவிட்டது. பாலிசி பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ லுக் காலம் போய்விட்டது. இனிமேல் பாதியில் மூடி சரண்டர்தான் செய்ய முடியும், அதில் நஷ்டம் வரும்.

முன்னாள்கிளை

மேடம், 15 நாள் பழைய கணக்கு. 2024 விதிமுறைகளின்படி நேரில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் 30 நாள். ஆவணம் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். மெயிலில் வந்திருந்தால் மெயில் வந்த நாள். இவருக்கு 11 நாள் இருக்கிறது.

சுந்தரி_மதுரை

சரி சார், மாறியிருக்கலாம். எங்கள் கிளையில் இன்னும் பழைய துண்டறிக்கைதான் வைத்திருக்கிறார்கள்.

வெயில்காரன்

எதுக்கு இவ்வளவு பேச்சு? ஏஜெண்ட், வங்கி, புரோக்கர் எல்லாமே கமிஷன். நேராக வெப்சைட்டில் போய், இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி எடு, பாதி விலை. ஒப்பீட்டுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் பத்து கம்பெனியும் வரிசையாக வரும். இடைத்தரகரே இல்லை.

துறைமுகம்

புரோக்கர் நிறுவனம் ஒன்றில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்க்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெயில்காரன் சொன்னதில் பாதி சரி. காப்பீட்டு நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் வாங்கினால் நடுவில் ஆள் இல்லை, சிலர் அதற்குத் தள்ளுபடியும் தருகிறார்கள். ஒப்பீட்டுத் தளம் அப்படி இல்லை. அதன் கடைசிப் பக்கத்தில் அடியில் சின்ன எழுத்தில் உரிமம் என்னவென்று போட்டிருக்கும், பெரும்பாலும் புரோக்கர் என்றோ வங்கியைப் போல கார்ப்பரேட் ஏஜெண்ட் என்றோ இருக்கும். அவர்களுக்கும் கமிஷன் உண்டு. உங்கள் எண்ணைப் போட்ட அடுத்த நிமிடம் போன் வருவது வேறு எதற்கு?

யார் யாருக்காக வேலை செய்கிறார் என்று பார்த்தால் போதும். தனிநபர் ஏஜெண்ட் ஒரு உயிர்க் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள். அவரிடம் "வேறு கம்பெனியில் இதைவிட நல்லது இருக்கிறதா" என்று கேட்பது, பிரியாணிக் கடையில் பக்கத்துக் கடைப் பிரியாணி எப்படி என்று கேட்பது போலத்தான். வங்கி ஒவ்வொரு வகையிலும் ஒன்பது நிறுவனம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கிளையில் உங்களுக்குக் காட்டுவது ஒன்றைத்தான், அது சொந்தக் குழும நிறுவனமாகவும் இருக்கும். புரோக்கர் மட்டும்தான் சட்டப்படி வாடிக்கையாளரின் பிரதிநிதி. காசு என்னவோ அவருக்கும் நிறுவனத்திடமிருந்துதான் வருகிறது, அதையும் மறக்க வேண்டாம்.

பவானிக்கரை, உங்களிடம் ஒரு கேள்வி. உடம்பு எப்படி? சர்க்கரை, பிரஷர் ஏதாவது?

பவானிக்கரை

இரண்டு வருடமாகச் சர்க்கரை மாத்திரை. தினம் ஒன்று. ஏன்?

துறைமுகம்

சான்றிதழோடு விண்ணப்பப் படிவத்தின் நகல் வந்திருக்கும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் ஆரோக்கிய உறுதிமொழி என்று ஒரு பகுதி. சர்க்கரை, இதயம், புற்றுநோய் என்று வரிசையாகக் கேள்வி இருக்கும்.

பவானிக்கரை

இருக்கிறது. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அச்சாகவே வந்திருக்கிறது. கீழே என் கையெழுத்து. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. ஒரு போன் மட்டும் வந்தது, அதற்கு முன்பே அந்தப் பையன் "கம்பெனியிலிருந்து கூப்பிடுவாங்க சார், எல்லாத்துக்கும் ஓகே சொல்லிடுங்க, இல்லைன்னா பணம் வர லேட்டாகும்" என்று சொல்லி வைத்திருந்தார்.

துறைமுகம்

காலத்தைவிட, விலையைவிட இதுதான் பெரிய கோளாறு. காப்பீட்டுச் சட்டம் 45வது பிரிவின்படி முதல் மூன்று வருடத்துக்குள் நிறுவனம் உங்கள் விவரங்களைக் கிளறலாம். அதற்குள் உங்களுக்கு ஏதாவது ஆகி, மருத்துவமனைத் தாளில் "இரண்டு வருடமாகச் சர்க்கரை" என்று டாக்டர் எழுதியிருந்தால், மறைத்துவிட்டார் என்று கிளெய்மை நிராகரிக்கப் பார்ப்பார்கள். கையெழுத்து உங்களுடையது. டிக் அடித்தது யார் என்று உங்கள் மனைவி எப்படி நிரூபிப்பார்? என் மேசைக்கு வரும் கடன் காப்பீட்டுத் தகராறுகளில் இது அடிக்கடி வரும்.

இந்த மூன்று வருடம்தான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பில் ஓட்டை உள்ள காலம்.

தாமரைக்குளம்

நடுவில் என் கதையையும் கேளுங்கள். அப்பாவுக்கு 68 வயது. 5 லட்சம் டெபாசிட் முதிர்ந்தது, புதுப்பிக்கப் போனார். "இதைவிட நல்ல டெபாசிட், ஒரே தடவை கட்டினால் போதும்" என்று வேறு ஒரு படிவத்தில் கையெழுத்து. இப்போது அடுத்த 5 லட்சம் கட்டுங்கள் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது! ஏழு வருடம் கட்ட வேண்டிய பாலிசியாம். அதுவும் உயிர்க் காப்பீடு என் பெயரில். ஓய்வூதியம் மாதம் 22,000 வாங்குகிறவர் வருடத்துக்கு 5 லட்சம் எங்கே கட்டுவார்? எங்களுக்கும் 30 நாள் உண்டா?

முன்னாள்கிளை

அம்மா, ஒரு வருடம் ஆகிவிட்டதால் உங்களுக்கு அந்த வழி இல்லை. உங்களுடையது தவறான விற்பனைப் புகார். கையில் ஆதாரம் வேண்டும், அது அவர்களிடமே இருக்கிறது. விண்ணப்பப் படிவ நகலைக் கேளுங்கள். அதில் அப்பாவின் ஆண்டு வருமானம் என்ன, தொழில் என்ன என்று பாருங்கள். 22,000 ஓய்வூதியக்காரருக்கு "வியாபாரம், 15 லட்சம்" என்று எழுதியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். வருடம் 5 லட்சம் பிரீமியத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் வருமானம் அப்படிக் காட்டித்தான் ஆக வேண்டும். போன் எண், மெயில் முகவரியும் பாருங்கள். உங்களுடையது இல்லாத எண் இருந்தால் சரிபார்ப்பு அழைப்பு எங்கே போனது என்று புரிந்துவிடும். அந்த அழைப்பின் ஒலிப்பதிவையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த 5 லட்சத்தைப் பயந்து கட்டிவிட வேண்டாம். பாலிசி 2024 அக்டோபருக்குப் பின் எடுத்த பாரம்பரியத் திட்டமாக இருந்தால், ஒரு வருடப் பிரீமியத்துக்கே ஏதோ ஒரு சரண்டர் தொகை உண்டு. சந்தையில் முதலீடு செய்யும் யூலிப் என்றால் கணக்கு வேறு. ஆனால் சரண்டர் கொடுக்கும் முன் புகார் கொடுங்கள். முழுத் தொகையையும் கேட்பதற்குச் சரண்டர் செய்யாமல் இருப்பது நல்லது.

சுந்தரி_மதுரை

பார்த்தீர்களா, இதுவும் வங்கிதான்.

வெயில்காரன்

ஏன் அக்கா, எங்கள் பெரியம்மாவுக்குப் பழைய பாலிசியை மூட வைத்துப் புதிது போட்டுக் கொடுத்தவர் ஏஜெண்ட்தான். சொந்தக்காரர் வேறு. புகார்கூடக் கொடுக்க முடியவில்லை, பொங்கலுக்கு முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சுந்தரி_மதுரை

அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

பவானிக்கரை

சரி, ரத்து செய்வதென்று முடிவு. கிளையில் கடிதம் கொடுத்தால் போதுமா? மேலாளர் "வாங்க பேசுவோம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார்.

முன்னாள்கிளை

அடுத்த வாரம் என்றால் நாள் ஓடும், அதற்குத்தான் அந்தப் பேச்சு. கிளைக்கு நகல் மட்டும் போதும். கடிதம் நேராகக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மெயிலுக்கும் குறைதீர் அதிகாரியின் மெயிலுக்கும் போக வேண்டும். இரண்டு நிறுவனம் என்பதால் இரண்டு தனிக் கடிதம். சான்றிதழ் எண், அது மெயிலில் வந்த தேதி, அந்த மெயிலின் படம், "30 நாள் ஃப்ரீ லுக் காலத்துக்குள் ரத்து செய்கிறேன், இதுவரை கிளெய்ம் எதுவும் கேட்கவில்லை". இதற்கு மேல் கதை வேண்டாம். காரணம் கேட்டால் நிபந்தனைகள் ஏற்பில்லை என்ற ஒரு வரி போதும். ஒப்புகை எண் வரும் வரை விடாதீர்கள்.

இது குழு பாலிசி, வங்கிதான் தலைமைப் பாலிசிதாரர். அதனால் பணம் பெரும்பாலும் உங்கள் கடன் கணக்குக்கே திரும்பும். காப்பீடு இருந்த நாட்களுக்கான தொகை, முத்திரைத்தாள் செலவு போன்றவற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அது கடன் கணக்கில் விழுந்ததும் தவணையைக் குறைக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் வங்கி தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்துவிடும்.

துறைமுகம்

ஒரே ஒரு தடை. ரத்து கடிதம் போவதற்கு முன் டேர்ம் பாலிசி விண்ணப்பம் போடுங்கள், சர்க்கரையை எழுதி. மருத்துவப் பரிசோதனை வரும். இந்த 11 நாளில் முடிவு வராமலும் போகலாம். குழு பாலிசியில் பரிசோதனையே இல்லாமல் சேர்த்துக்கொள்வதால், டேர்ம் கிடைக்காத உடம்புக்காரருக்கு இந்த மாதிரிக் கடன் காப்பீடு ஒன்றுதான் கிடைக்கும். அவர்கள் ரத்து செய்வதைவிட, உறுதிமொழியைத் திருத்தச் சொல்லி எழுதுவது நல்லது என்பது என் கருத்து.

முன்னாள்கிளை

இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. திருத்தம் கேட்டால் நிறுவனம் பதில் சொல்லவே இரண்டு மாதம் எடுக்கும், அதற்குள் 30 நாள் போய்விடும். வழக்கமான மாத்திரைச் சர்க்கரைக்கு டேர்ம் கிடைக்கும், கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

துறைமுகம்

கிடைக்கும் என்று நீங்களும் நானும் சொல்லலாம். கையெழுத்துப் போட வேண்டியது அவர்களுடைய மருத்துவப் பிரிவு.

பவானிக்கரை (34 நாள் கழித்து)

நிலவரம் சொல்ல வந்தேன். டேர்ம் விண்ணப்பத்தை ஒரு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே போட்டேன், 50 லட்சம், 20 வருடம். சர்க்கரை என்று எழுதியதும் ரத்தப் பரிசோதனைக்கு வீட்டுக்கு வந்தார்கள். கூடுதல் போட்டு வருடம் 11,400 கேட்டார்கள். ஜி.எஸ்.டி கிடையாது. ஒன்பதாவது நாள் ஒப்புதல் வந்தது, அன்று இரவே இரண்டு ரத்து மெயிலும் அனுப்பினேன்.

உயிர்க் காப்பீட்டுக் கம்பெனி 1,10,870 ரூபாயைக் கடன் கணக்கில் போட்டுவிட்டது. அந்தக் கலவைப் பாலிசிக் கம்பெனிதான் இழுக்கிறது. "வங்கி மூலம் வர வேண்டும்" என்று ஒரு பதில், வங்கியில் கேட்டால் "கம்பெனிதான் செய்ய வேண்டும்" என்று பதில்.

முன்னாள்கிளை

தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி இல்லை. வங்கி ஒட்டிய குழு பாலிசிக்கு அந்தச் சலுகை கிடையாது, உங்கள் 1.6 லட்சத்தில் அதுவும் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது கம்பெனி மீது bimabharosa.irdai.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். போனில் என்றால் 155255. ஒரு மாதத்தில் பதில் வரவில்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேன். நமக்குச் சென்னை தேனாம்பேட்டையில் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, 50 லட்சம் வரை உத்தரவு போடும் அதிகாரம் உண்டு. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அறிக்கையில் காட்டாமல் கடனில் ஏற்றியது வங்கியின் தவறு, அதற்கு வங்கிக்கு எழுதிவிட்டு ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் தனியாகப் போங்கள். இரண்டையும் ஒரே புகாரில் கலந்தால் இரண்டு இடத்திலும் எங்கள் வேலை இல்லை என்று தள்ளிவிடுவார்கள்.

பவானிக்கரை

பதிந்துவிட்டேன் சார், டோக்கன் எண் வந்திருக்கிறது. தவணை மட்டும் இன்னும் 36,101தான். காலத்தில் பதினைந்து மாதத்துக்கு மேல் குறைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னதுபோல எழுதிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

தாமரைக்குளம்

அப்பாவின் விண்ணப்பப் படிவம் வந்தது. தொழில்: விவசாயம் மற்றும் வியாபாரம். வருமானம்: 18 லட்சம். மெயில் முகவரி யாருடையதோ. எங்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. இதை எந்தப் புகாரில் சேர்ப்பது, காப்பீட்டுப் பக்கமா, வங்கிப் பக்கமா?